நீதிக்கதையை நடிக்க வைத்துக் கற்பிப்பது எப்படி? மனுநீதிச் சோழன் கதையை வைத்து நான்கு பாடவேளைத் திட்டம்

நீதிக்கதையை நாடகமாகப் போடுவது என்றால் நம் வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. நன்றாக வாசிக்கும் நாலு பிள்ளைகளுக்கு வசனம் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் மனப்பாடம் செய்து வந்து ஒப்பிக்கிறார்கள். மீதி முப்பது பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். கடைசியில் “இக்கதையால் அறியப்படும் நீதி” என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதுகிறோம், பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஆண்டு விழா மேடைக்கு இது போதும். மொழி வகுப்புக்குப் போதாது. ஏற்கெனவே பேசத் தெரிந்த பிள்ளைகள்தான் பேசினார்கள், அதுவும் ஆசிரியர் எழுதிய வாக்கியத்தை. நீதியையும் ஆசிரியரே சொல்லிவிட்டார்.

இங்கே நான் சொல்லப்போகும் முறையில் எழுதிவைத்த வசனம் கிடையாது, பார்வையாளர்களும் கிடையாது. கதையை ஒருவர் முடிவெடுக்க வேண்டிய இடம் வரைக்கும் சொல்லி, அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அதற்கு மேல் பிள்ளைகள் ஒவ்வொரு பாத்திரத்தின் இடத்திலும் மாறி மாறி நின்று பேசுகிறார்கள். கதையின் முடிவை மூன்றாவது பாடவேளையின் கடைசியில்தான் சொல்கிறோம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 36 பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பு, 40 நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எந்தக் கதை இதற்கு ஒத்துவரும்?

எல்லா நீதிக்கதையும் நடிப்புக்கு வாகாக இருக்காது. முயலும் ஆமையும் கதையில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. முயல் தூங்கியது, தோற்றது, அவ்வளவுதான். பிள்ளைகள் விவாதிக்க அதில் ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது இரண்டு வழிகள் பிரியும் இடம் உள்ள கதை. எந்த வழியில் போனாலும் அந்த மனிதர் எதையோ இழக்க வேண்டும். ஒரு கதை தேறுமா என்று பார்க்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இந்த இடத்தில் இரண்டு பக்கமும் நின்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை நியாயம் பேச முடியுமா? முடியும் என்றால் கதை தேறும்.

மனுநீதிச் சோழன் கதை அப்படிப்பட்டது. குறை உள்ளவர் யாராக இருந்தாலும் அடிக்கலாம் என்று அரண்மனை வாசலில் ஒரு மணி. இளவரசன் தேரில் போகும்போது ஒரு கன்று துள்ளி ஓடிவந்து சக்கரத்தில் அடிபட்டு இறக்கிறது. தாய்ப்பசு வந்து மணியை அடிக்கிறது. அரசன் என்ன செய்ய வேண்டும்?

தொடங்கும் முன் இந்தக் கதையின் மூன்று வடிவங்களையும் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊர் எது என்று சொல்லும்போது இந்தக் கதை மூன்றே வரியில் வருகிறது. அரசனின் பெயர்கூட அங்கே இல்லை. மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டான் என்பதோடு முடிகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் கதை திருவாரூரில் விரிவாக நடக்கிறது. முடிவில் சிவபெருமான் காட்சி தர, கன்றும் இளவரசனும் உயிர் பெறுகிறார்கள். இலங்கையின் மகாவம்சம் இதே கதையை அனுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அங்கேயும் மணி, கன்று, தேர் எல்லாம் உண்டு. இளவரசன் பிழைப்பதில்லை.

பெரியபுராணத்தில் இளவரசன் மேல் தேர் ஏற்றும்படி கட்டளை பெற்ற அமைச்சர், அதைச் செய்ய மனம் இல்லாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். இந்தப் பகுதியை இந்த வயது வகுப்பில் நடிப்புக்குள் கொண்டுவரக் கூடாது. தேர் ஏறும் காட்சியையும் நடிக்க விடக் கூடாது. வகுப்பில் யாராவது அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்திருந்தால், குறிப்பாக வண்டி விபத்தில் இழந்திருந்தால், அந்த ஆண்டு இந்தக் கதையைத் தள்ளிவையுங்கள். முறை அப்படியே இருக்கட்டும், கதையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வகுப்புக்குப் போகும் முன்

தேவையான பொருள்கள் மிகக் குறைவு. ஒரு கயிறு, ஒரு துண்டு, பள்ளி மணி அல்லது தட்டினால் ஓசை வரும் ஒரு எவர்சில்வர் தட்டு. கிரீடம், வாள், பட்டுச்சேலை எதுவும் வேண்டாம். உடை வந்துவிட்டால் பிள்ளைகளின் கவனம் பேச்சிலிருந்து உடைக்குப் போய்விடும்.

இடம்தான் சிக்கல். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் நடுவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் கிடைத்தால்கூடப் போதும். அதுவும் இல்லாவிட்டால் மரத்தடி. ஆனால் மரத்தடியில் குரல் சிதறும், போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதனால் முதல் நாளை உள்ளே நடத்துவதே மேல். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், சத்தம் வரத்தான் செய்யும்.

அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு குறி வேண்டும். தெருவில் விளையாடும் ‘ஸ்டேச்சூ’ விளையாட்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நீங்கள் ஒரு முறை கைதட்டி “சிலை!” என்றால் எல்லாரும் அப்படியே உறைய வேண்டும், வாயும் உறைய வேண்டும். கதையைத் தொடங்கும் முன் இதை ஐந்து நிமிடம் வெறும் விளையாட்டாகவே பழக்குங்கள். “சந்தையில் காய் வாங்குகிறீர்கள்… சிலை!” “பேருந்தில் இடம் பிடிக்க ஓடுகிறீர்கள்… சிலை!” மூன்றாவது முறையில் வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டால் மேலே போகலாம். அடங்காவிட்டால் அன்றைக்கு இந்த விளையாட்டை மட்டும் நீட்டித்து, கதையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குறி பழகாத வகுப்பில் அடுத்த எந்தப் படியும் நடக்காது.

முதல் பாடவேளை: கதை சொல்லி, சிலை வடிப்பது

கதையைப் புத்தகம் இல்லாமல் சொல்லுங்கள். மணி ஏன் கட்டப்பட்டது என்பதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள், பின்னால் வரும் விவாதம் எல்லாம் அந்த வாக்குறுதியின் மேல்தான் நிற்கப்போகிறது. “யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். ஆனால் அது கட்டிய நாளிலிருந்து ஒலித்ததே இல்லை” என்று சொல்லி ஒரு கணம் விடுங்கள். பிறகு தேர், கன்று, தாய்ப்பசு. கயிற்றை இழுத்து மணியை அடியுங்கள். அங்கே நிறுத்திவிடுங்கள். “அப்புறம் என்ன டீச்சர்?” என்று கேட்பார்கள். “எனக்கும் தெரியணும், நாளைக்கு நீங்கதான் சொல்லப்போறீங்க” என்பது போதும். கதை முன்பே தெரிந்த சில பிள்ளைகள் முடிவைக் கத்துவார்கள். அவர்களை அடக்க வேண்டாம். “ஒரு நூலில் அப்படி இருக்கு. வேறு நூல்களில் வேறு மாதிரியும் இருக்கு. நம் வகுப்பு என்ன சொல்லும் என்று பார்ப்போம்” என்றால் அவர்களுக்கும் ஆவல் வந்துவிடும்.

இதற்குப் பத்து நிமிடம். அடுத்து, ஆறு ஆறு பேராக ஆறு குழுக்கள். குழுக்களை நீங்களே பிரித்துவிடுங்கள். நண்பர்களாகச் சேர விட்டால் பேசுகிற பிள்ளைகள் ஒரு பக்கமும் பேசாத பிள்ளைகள் இன்னொரு பக்கமும் ஒதுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு குழுவும் கதையின் ஒரு நொடியைச் சிலையாக வடிக்க வேண்டும். முதல் இரண்டு குழுக்களுக்குத் தேர் வரும் முன் இருந்த தெரு. அடுத்த இரண்டுக்கு விபத்து நடந்த அடுத்த நொடி. கடைசி இரண்டுக்கு அரண்மனை வாசலில் மணி ஒலித்த நொடி. தயாரிக்க எட்டு நிமிடம், அதற்கு மேல் கொடுக்காதீர்கள். நேரம் கூடக் கூட சண்டைதான் கூடும்.

விபத்துக் காட்சிக்கு ஒரு விதி வையுங்கள்: கன்றும் தேரும் சிலையில் இருக்கக் கூடாது. பார்த்தவர்களின் முகம் மட்டும்தான். இந்த விதி இல்லாவிட்டால் ஒருவன் கன்றாகக் கீழே விழுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள், காட்சி அதோடு போய்விடும். விதி இருந்தால் பூக்காரி, தேர்ப்பாகன், திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவர், தண்ணீர் தூக்கி வந்த பெண் என்று பிள்ளைகளே மனிதர்களைக் கண்டுபிடிப்பார்கள். பசுவுக்கும் இதே ஏற்பாடுதான். பசுவாக நடித்த பிள்ளையை ஆண்டு முழுக்க ‘மாடு’ என்று கூப்பிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் பசுவாக யாரும் வர வேண்டாம், கயிற்றை மட்டும் ஒருவர் பிடித்து ஆட்டட்டும். கண்ணுக்குத் தெரியாத பசு இன்னும் அழுத்தமாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு குழுவின் சிலையையும் மற்றவர்கள் பார்க்கும்போது, நீங்கள் போய் ஒருவர் தோளைத் தொடுங்கள். தொட்டவுடன் அந்தப் பாத்திரம் மனசில் என்ன நினைக்கிறதோ அதை ஒரே ஒரு வாக்கியத்தில், ‘நான்’ என்று தொடங்கிச் சொல்ல வேண்டும். “நான் கடிவாளத்தை இழுத்தேன், குதிரை நிற்கவில்லை.” “நான் பார்த்தேன், ஆனால் இளவரசர் ஆயிற்றே என்று வாயைத் திறக்கவில்லை.” பேசவே பேசாத பிள்ளைக்குக்கூட ஒரு வாக்கியம் பயமுறுத்துவதில்லை. ஒரு குழுவில் மூன்று பேரைத் தொட்டால் ஒரு பாடவேளையில் பதினெட்டு பேர் பேசியிருப்பார்கள். மீதிப் பதினெட்டு பேரைக் குறித்துக்கொண்டு மறுநாள் முதலில் தொடுங்கள்.

இந்த வாக்கியங்களை அப்போதே கரும்பலகையில் ஒரு ஓரமாக எழுதிவிடுங்கள், திருத்தாமல், சொன்னபடியே. நான்காவது நாள் எழுதும்போது இவைதான் கைப்பொருள்.

இரண்டாம் பாடவேளை: கேள்வி நாற்காலியும் அமைச்சரும்

ஒரு நாற்காலியை நடுவில் போடுங்கள். அதில் உட்காருபவர் இளவரசர். வகுப்பு அவரிடம் கேள்வி கேட்கிறது. ஒரே பிள்ளை பத்து நிமிடம் தாக்குப்பிடிக்காது, அதனால் ஐந்து கேள்விக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள். பெண்பிள்ளைகளும் உட்காரட்டும், அதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு அனுமதி இல்லை. “கன்றைப் பார்த்தீங்களா?” என்றால் “இல்லை” என்பதோடு பேச்சு நின்றுவிடும். “கன்று குறுக்கே வந்தபோது உங்கள் கண் எங்கே இருந்தது?” என்றால் இளவரசர் யோசித்துத்தான் ஆக வேண்டும். வினா அமைப்பை இலக்கணப் பாடமாக நடத்துவதைவிட இங்கே நன்றாகப் பதிகிறது.

கதையின் ஒரு முக்கியமான விஷயம் இந்த இடத்தில்தான் வெளிவரும். பெரியபுராணத்தின்படி இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை, கன்று யாரும் அறியாமல் குறுக்கே வந்துவிட்டது. அறியாமல் நடந்ததும் குற்றமா என்ற கேள்வியைப் பிள்ளைகளே எழுப்புவார்கள். எழுப்பாவிட்டால் நீங்கள் கூட்டத்தில் ஒருவராக எழுந்து கேட்கலாம்: “தெரியாமல் நடந்தது என்கிறீர்கள். அதைப் பசுவிடம் எப்படிச் சொல்வீர்கள்?”

அடுத்த பாதியில் நீங்களும் நடிக்க வேண்டும். ஆசிரியர் ஒரு பாத்திரமாக மாறி வகுப்போடு பேசும் இந்த உத்தியை இங்கிலாந்தின் நாடக ஆசிரியை டோரதி ஹீத்கோட் பல ஆண்டுகள் வகுப்பறைகளில் செய்து காட்டினார். அவர் வழியில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஆசிரியர் அதிகாரம் உள்ள பாத்திரத்தை எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் அரசராக வந்தால் வகுப்பு மறுபடியும் கைகட்டி நிற்கும். அதனால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, செய்வதறியாத அமைச்சராக வாருங்கள். பிள்ளைகள் எல்லாரும் திருவாரூர்க் குடிமக்கள்.

“ஐயா, அம்மா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்கள். அரசர் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். பசுவைக் கொன்றால் செய்ய வேண்டிய பரிகாரம் நூலில் சொல்லியிருக்கிறதே, அதைச் செய்துவிடலாம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. நான் திரும்பிப் போய் என்ன சொல்லட்டும்? நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்.”

துண்டு தோளில் இருக்கும்வரை நீங்கள் அமைச்சர். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் ஆசிரியர். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. அமைச்சரிடம் பேசும்போது அவர்களின் மொழி தானாகவே மாறுவதைக் கவனியுங்கள். “டீச்சர், அவனை ஜெயில்ல போடலாம்” என்பது “அமைச்சரே, இளவரசரைச் சிறையில் அடைக்கலாம்” என்று ஆகும். எல்லாருக்கும் உடனே வந்துவிடாது. வராத பிள்ளையைத் திருத்தாதீர்கள், அவர் சொன்னதை அமைச்சராகவே திருப்பிச் சொல்லுங்கள்: “இளவரசரைச் சிறையில் அடைக்கச் சொல்கிறீர்கள். எத்தனை நாள்?” அவர் அடுத்த வாக்கியத்தை அதே நடையில் பேச வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் பாடவேளை: முடிவெடுக்கும் இடம்

இந்த நான்கு நாளில் அதிகம் தயாரிப்பு கேட்பதும், அதிகம் பலன் தருவதும் இந்த நாள்தான்.

பிள்ளைகளை எதிரெதிராக இரண்டு வரிசையாக நிறுத்துங்கள், நடுவில் ஒருவர் நடந்துபோகும் அளவுக்குச் சந்து. இதற்கு நான் மனச்சாட்சிச் சந்து என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். இடது வரிசை, மகனைத் தண்டிக்க வேண்டும் என்ற குரல். வலது வரிசை, தண்டிக்கக் கூடாது என்ற குரல். அரசராக ஒரு பிள்ளை மெதுவாக நடந்து வர, தன்னைக் கடக்கும் நொடியில் ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முன்னால் ஒருவர் சொன்னதையே திருப்பிச் சொல்லக் கூடாது. அதனால் நடக்கும் முன், வரிசைக்குள் பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசி வாக்கியத்தைத் தயார் செய்ய விடுங்கள்.

பெரும்பாலும் இப்படி வரும்:

“மணி கட்டியது நீங்கள்தானே, அரசே.”
“கன்று திரும்பி வராது, மகனும் போய்விடுவான்.”
“வேறு யாராவது தேர் ஓட்டியிருந்தால் இந்நேரம் தண்டித்திருப்பீர்கள்.”
“அரசியின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?”
“பசு பேசாது என்பதால் ஏமாற்றிவிடலாமா?”

ஒரு சுற்று முடிந்ததும் வரிசைகளை மாற்றுங்கள். தண்டிக்கச் சொன்னவர்கள் இப்போது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தான் நம்பாத பக்கத்துக்காகவும் வாக்கியம் தேடும்போதுதான் பிள்ளை எதிராளியின் நியாயத்தைச் சொந்தச் சொல்லில் சொல்கிறது.

அடுத்து வருவது தீர்ப்பு. பிரேசில் நாட்டு நாடகக் கலைஞர் அகஸ்டோ போவால் வளர்த்த மன்ற அரங்கு என்ற முறையிலிருந்து இங்கே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பார்ப்பவர் யாரும் “நிறுத்து” என்று சொல்லி, நடிப்பவரின் இடத்துக்கு வந்து தன் வழியைச் செய்து பார்க்கலாம். அரசர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இளவரசர் எதிரே நிற்கிறார், கயிறு ஒரு ஓரத்தில் தொங்குகிறது. அரசர் தீர்ப்புச் சொல்கிறார். வகுப்பில் யாருக்காவது ஒப்பவில்லை என்றால் “நிறுத்து” என்று எழுந்து வந்து, அரசராக உட்கார்ந்து, வேறு தீர்ப்புச் சொல்லலாம். ஒவ்வொரு தீர்ப்புக்குப் பிறகும் நீங்கள் கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பசுவுக்கு நியாயம் கிடைத்தது என்று வகுப்பு நினைத்தால் கயிறு அசையாது. இல்லை என்றால் மணி மறுபடியும் ஒலிக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் கிட்டத்தட்ட எல்லா வகுப்பிலும் வரும். இரண்டாவது அரசரே “மகனே, உன்னை மன்னித்தேன். இனிமேல் பார்த்து ஓட்டு” என்று முடித்துவிடுவார், வகுப்பும் கைதட்டிவிடும். பிள்ளைகளுக்கு நல்ல முடிவில் பிடிப்பு அதிகம். அதைத் தப்பு என்று சொல்ல வேண்டாம். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு குடியானவராக உள்ளே வாருங்கள்.

“அரசே, ஒரு கேள்வி. போன வருஷம் என் மகன் ஓட்டிய வண்டியில் பக்கத்து வீட்டு ஆடு அடிபட்டது. அவனும் தெரியாமல்தான் செய்தான். நீங்கள் அவனைச் சிறையில் போட்டீர்கள். இன்னும் வரவில்லை. அவனுக்கு ஏன் இந்த மன்னிப்பு கிடைக்கவில்லை?”

இந்தக் குடியானவர் கதையில் இல்லாதவர். ஆனால் அவர் கேட்கும் கேள்வி கதைக்குள் இருப்பதுதான். பெரியபுராணத்தில் அமைச்சர்கள் பரிகாரம் சொன்னபோது அரசன் அதைத்தான் திருப்பிக் கேட்கிறான். என் மகன் செய்த கொலைக்குப் பரிகாரம், அயலான் ஒருவன் கொன்றால் அவனுக்கு மரணம், இப்படி ஒரு நீதி உண்டா என்று. இந்தக் கேள்வி விழுந்ததும் வகுப்பு தானாக அமைதியாகும். அதன் பிறகு வரும் தீர்ப்புகள் வேறு மாதிரி இருக்கும். குடியானவரின் மகனையும் விடுதலை செய் என்பார் ஒருவர். இளவரசர் பட்டம் இழந்து, வாழ்நாள் முழுக்க அந்தப் பசுவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார் இன்னொருவர். பசுவுக்கு அதனால் என்ன லாபம் என்று மூன்றாமவர் மடக்குவார். நீங்கள் மணியை அடிப்பதும் அடிக்காததும் வகுப்பின் கையுயர்த்தலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், உங்கள் விருப்பப்படி அல்ல.

கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பை வட்டமாக உட்கார வைத்து மூன்று நூல்களின் முடிவையும் சொல்லுங்கள். பெரியபுராண முடிவைக் கேட்டதும் நிம்மதி தெரியும், மற்ற இரண்டையும் கேட்டதும் கேள்வி வரும். எந்த முடிவு சரி என்று நீங்கள் அறிவிக்க வேண்டாம். மரண தண்டனையை நியாயப்படுத்தும் பாடமாக இது முடிந்துவிடக் கூடாது என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. இந்தக் கதையில் இன்றைக்கு நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது தண்டனையின் கடுமையை அல்ல. அரசன் மகனுக்கென்று தனி அளவுகோல் வைக்க மறுத்ததையே. பிள்ளைகள் குடியானவர் காட்சியில் அங்கே ஏற்கெனவே வந்துவிட்டார்கள். “கதையில் இருப்பது அந்தக் காலத்துத் தண்டனை. இன்று இதே வழக்கு வந்தால் எது மாறும், எது மாறக் கூடாது?” என்று கேட்டால் அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

எழுந்து போகும் முன் ஒரு சின்ன வேலை. அரசராக, இளவரசராக இருந்த பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரையும் அன்று மதியம் என்ன சாப்பிட்டார்கள் அல்லது சாப்பிடப் போகிறார்கள் என்பதையும் சொல்லட்டும். பாத்திரத்தின் கோபமோ அழுகையோ இடைவேளைக்குள் போகாமல் இருக்க இது உதவும்.

நான்காம் பாடவேளை: பேச்சிலிருந்து எழுத்துக்கு

இப்போது பிள்ளைகளிடம் சொல்ல விஷயம் இருக்கிறது, அதனால் எழுத்து இழுபடாது. மூன்று வேலைகளில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும்: பசு அரசனுக்கு எழுதும் விண்ணப்பம், இளவரசனின் அன்றிரவு நாட்குறிப்பு, தெருவில் நின்று பார்த்த ஒருவரின் சாட்சியம். விண்ணப்பத்தை எடுப்பவர்களுக்கு அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற அமைப்பு எப்படியும் பாடத்தில் உண்டு. நம் மாவட்டங்களில் ஆட்சியர் ஊருக்கு வந்து மனுக்கள் வாங்கும் முகாமுக்கு ‘மனுநீதி நாள்’ என்றுதான் பெயர் என்பதை அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டில் யாராவது அங்கே மனு கொடுத்திருந்தால் விண்ணப்பம் என்பது தேர்வுத்தாள் கேள்வியாக மட்டும் தெரியாது.

எட்டாம் வகுப்பாக இருந்தால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சிலப்பதிகார வரிகளைக் கொண்டுவரலாம்.

வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்

வாசலில் மணியின் நாக்கு நடுங்குகிறது, பசுவின் கடைக்கண்ணில் வடியும் நீர் அரசனின் நெஞ்சைச் சுடுகிறது. பொருளை இவ்வளவு சொன்னாலே போதும், காட்சியை அவர்கள் ஏற்கெனவே நடித்துவிட்டார்கள். முதல் வரியை ஒரு குழு, இரண்டாவதை இன்னொரு குழு, மூன்றாவதை எல்லாரும் சேர்ந்து என்று குரல் பிரித்துச் சொல்ல வையுங்கள். அப்புறம் இதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்று சொல்லுங்கள். கணவனை விசாரிக்காமல் கொன்ற அரசன் முன்னால் நின்று கண்ணகி சொல்கிறாள், என் ஊரில் ஒரு அரசன் இப்படி இருந்தான் என்று. ஒரு பிள்ளையைப் பாண்டியனாக உட்கார வைத்து, இன்னொரு பிள்ளை எதிரே நின்று அந்த மூன்று வரியைச் சொல்லட்டும். மனப்பாடப் பகுதிக்கும் இந்த வரிகளுக்கும் உள்ள வித்தியாசம் குரலிலேயே தெரியும்.

மதிப்பெண் போடுவது

இதை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த முறை கூச்சப்படும் பிள்ளை வாயே திறக்காது. நான் கவனிக்கச் சொல்வது இரண்டு. ஒன்று, காரணம் சொல்லிப் பேசுகிறாரா? ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இல்லாவிட்டால்’ போன்ற சொற்கள் முதல் நாளைவிட மூன்றாம் நாள் கூடியிருக்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு, ஆளுக்குத் தக்கபடி மொழியை மாற்றுகிறாரா? தோழனிடம் பேசுவதும் அரசனிடம் பேசுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா, வேறாக இருக்கிறதா? ஒரு பாடவேளைக்குப் பத்துப் பேரை மட்டும் குறித்து வைத்துக் கவனித்தால் நான்கு நாளில் வகுப்பு முழுக்க முடிந்துவிடும்.

நீதி உள்ளே போயிற்றா என்பதை அறிய ‘கதையின் நீதி யாது’ என்று கேட்டால் மனப்பாடப் பதில்தான் வரும். ஒரு வாரம் கழித்து வேறு ஒரு நிலைமையைச் சொல்லுங்கள். வகுப்புத் தலைவர் தாமதமாக வருபவர்களின் பெயரைப் பலகையில் எழுத வேண்டும். இன்று அவருடைய உயிர்த்தோழி தாமதம், அதுவும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால். தலைவர் எழுத வேண்டுமா? நிஜ வகுப்புத் தலைவரையும் நிஜ நண்பர்களையும் இதில் இழுக்காமல், வேறு ஒரு பள்ளியில் நடந்ததாகச் சொல்லுங்கள். “எழுத வேண்டும், ஆனால் இதே காரணத்துக்காக முன்பு தாமதமாக வந்தவர்களின் பெயரையும் அழித்தால் எழுத வேண்டாம்” என்பது போல் ஒரு பதில் வந்தால், குடியானவர் அவர்கள் மனசில் இன்னும் நிற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். “தோழி என்பதால் விட்டுவிடலாம்” என்று மட்டும் வந்தால் மனச்சாட்சிச் சந்தை இந்த நிலைமைக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

ஒரே ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது என்றால்

பாடத்திட்டம் துரத்தும் மாதத்தில் நான்கு நாள் கிடைக்காது. அப்போது சிலைகளையும் கேள்வி நாற்காலியையும் விட்டுவிடலாம். பத்து நிமிடம் கதை, பதினைந்து நிமிடம் மனச்சாட்சிச் சந்து, வரிசை மாற்றத்தோடு. பிறகு குடியானவராக நீங்கள் வந்து ஒரே ஒரு கேள்வி, அதற்கு வகுப்பின் பதில்கள் பத்து நிமிடம். மீதி ஐந்து நிமிடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, அரசனுக்குத் தான் சொல்ல விரும்பும் ஒரு வாக்கியத்தை நோட்டில் எழுதட்டும். கதையின் முடிவை மறுநாள் வகுப்பைத் தொடங்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.